பத்து நாள் ஊசியோடு குடி போய்விடுமா?

“குடி மறுவாழ்வு மையத்தில் பத்து நாள் வைத்து ஊசி போட்டால் போதும், ஆள் ஜென்மத்துக்கும் குடிக்க மாட்டார்.” சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

தவறு. அந்தப் பத்து நாள், குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் ஆபத்தைக் கடக்க மட்டுமே. பெரம்பூரில் தினமும் ஒரு ஆஃப் குடிக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்வோம். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது. இது உயிரையே பறிக்கக்கூடியது. அதனால்தான் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைக்கிறார்கள். தயமின் ஊசியும் உண்டு. அது வைட்டமின் பி1, குடியை வெறுக்க வைக்கும் மருந்தல்ல.

உடம்பு தெளிந்த பிறகுதான் கவுன்சலிங். சவாரி முடிந்த இரவு, கையில் காசு, பழைய கூட்டாளிகள்: எந்த நேரத்தில் கை குடிக்குப் போகிறது என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். மனைவிக்கும் தனி அமர்வுகள் உண்டு. கடனை அடைத்து, முதலாளியிடம் பொய் சொல்லிக் காப்பாற்றுவதை நிறுத்த அவரும் பழக வேண்டுமே!

வீடு திரும்பியபின் முதல் சில மாதங்களில்தான் மறுபடி குடிப்பது அதிகம். அப்போது தொடர் பரிசோதனைக்கு வரச் சொல்லாத மையம் என்றால், சேர்க்கும் முன் யோசியுங்கள்.