டேட்டாவைத் தொலைத்தது அப்டேட், மிச்சத்தையும் அழித்தது உங்கள் பதில்

ஆப் கம்பெனிக்காரர்களே, அப்டேட்டில் தப்பு நடக்கும். புரோகிராம் எழுதுகிறவர்களும் மனுஷர்கள்தான், அதை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் "சேமித்து வைத்ததெல்லாம் காணோம், என்ன செய்வது?" என்று பதறிக் கேட்கிற ஒருத்திக்கு, படிக்காமலேயே ஒரு ரெடிமேட் பதிலைத் தட்டிவிடுகிறீர்களே, அதை மன்னிக்கவே முடியாது.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்களின் அளவுகள், யாருக்குக் கழுத்து இறக்கம் எவ்வளவு, யாருக்குக் கை தளர்வாக வேண்டும், யார் எவ்வளவு பாக்கி, மாடல் போட்டோ எல்லாமே போனில் ஒரே ஆப்பில். ராத்திரி அது தானாக அப்டேட் ஆனது. காலையில் திறந்தால் பட்டியல் காலி. உடனே சப்போர்ட்டுக்கு எழுதினாள். வந்த பதில் இதுதான்: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். செட்டிங்ஸில் ஆப்பின் டேட்டாவை கிளியர் செய்யுங்கள். பிறகு ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பிரச்சினை தொடர்ந்தால் எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்."

கம்பெனிக்காரர்களே சொல்கிறார்களே என்று நம்பி அவளும் அப்படியே செய்தாள்.

என்ன செய்யச் சொன்னோம் என்று அதை அனுப்பியவருக்குத் தெரியுமா? ஆண்ட்ராய்டில் அப்டேட் என்பது பழைய டேட்டாவின் மேல் புது ஆப் வந்து உட்காருவது. டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். புது வெர்ஷன் வேறு பெயரில் ஒரு காலி ஃபைலைத் திறந்துவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் பழைய ஃபைல் பத்திரமாகப் போனுக்குள் இருக்கும். ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கேஷை கிளியர் செய்தால் தற்காலிகக் குப்பை மட்டும் போகும். மற்றதை அழுத்தினால் அந்தப் பழைய ஃபைலும் சேர்ந்து போய்விடும். ஆப்பை நீக்கினாலும் அதே கதிதான்.

கூகுள் பேக்கப்பில் இருக்குமே என்பீர்கள். அந்தத் தானியங்கி பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும். அதைத் தாண்டினால் எடுக்கவே எடுக்காது. அக்கா வைத்திருந்த பிளவுஸ் மாடல் போட்டோக்களே அதைவிடப் பல மடங்கு. ஆக, மறுபடி இன்ஸ்டால் செய்ததும் துடைத்து வைத்த மாதிரி ஒரு காலி ஆப் வந்து நின்றது.

இதில் வயிறு எரிகிற விஷயம் இனிமேல்தான். அடுத்த வாரமே அதே கம்பெனி திருத்திய வெர்ஷனை விட்டது. கையை வைக்காமல் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டவளுக்கு மட்டும் வரவில்லை! மறுபடி கேட்டதற்கு, "டேட்டா உங்கள் சாதனத்தில் மட்டுமே சேமிக்கப்படுவதால் எங்களால் மீட்டுத் தர இயலாது" என்றார்கள். போனில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எந்த நெஞ்சோடு அதை அழிக்கச் சொன்னீர்கள்?

உருப்படியான பதில் எழுதுவது ராக்கெட் விடுகிற வேலையா? 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் ஆப்பில் (84-ஆம் வெர்ஷன்) பலருடைய ஃபைல்கள் காணாமல் போனபோது, கூகுள் முதலில் சொன்னதே "செய்யாதீர்கள்" என்றுதான். கணக்கைத் துண்டிக்காதீர்கள், ஆப்பின் டேட்டா ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள், இடமிருந்தால் அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்றார்கள். மீட்கும் வழி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசைதான் முக்கியம்.

அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய பதிலை நானே எழுதித் தருகிறேன், காப்பியடித்துக் கொள்ளுங்கள்:

"நேற்று நாங்கள் விட்ட அப்டேட்டில் உள்ள பிழையால் உங்கள் பதிவுகள் தெரியாமல் போயிருக்கின்றன. தவறு எங்களுடையது, மன்னியுங்கள். தயவுசெய்து டேட்டாவை கிளியர் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள், புதிதாக எதையும் பதிய வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் எங்கள் ஆப்பின் ஸ்டோரேஜைத் திறந்து, யூசர் டேட்டா எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆப் காலியாகத் தெரிந்தும் அங்கே பல எம்பி காட்டினால், பழையது இன்னும் போனில் இருக்க வாய்ப்புண்டு. போட்டோக்களும் அதில் சேரும் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்டேட் ஆகாத வேறொரு போனில் இதே பதிவுகள் இருந்தால், அதில் நெட்டை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். திருத்திய வெர்ஷன் தயாரானதும் எழுதுகிறோம். இப்போதிருப்பதை நீக்காமல் அதன் மேலேயே அப்டேட் செய்தால் போதும்."

இவ்வளவுதான். இதை எழுதக் கால் மணி நேரம் ஆகுமா?

அக்கா இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி மறுபடி அளவெடுக்கிறாள். பாக்கிக் கணக்கை அவர்கள் சொல்வதை நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்திலோ, "டேட்டா காணவில்லையா?" என்ற கேள்விக்குக் கீழே முதல் படியாக இன்றைக்கும் இருப்பது "டேட்டாவை கிளியர் செய்யுங்கள்" என்பதுதான். மன்னிப்புக் கடிதமெல்லாம் அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த வரியைத் தூக்குங்கள்.