கிழங்குக்கு 33,600 ரூபாயா?

உருளைக்கிழங்கு 1 கிலோ 200 கிராம். கிலோ 280 ரூபாய். ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 336.00 என்று அடித்திருக்கிறது. பில் போடுற பிள்ளை அதை ஸ்கேனரில் காட்டினதும் திரையில் விழுந்த தொகை 33,600.00. முப்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்!

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னால் பதினைந்து பேர் கூடையோடு நிற்கிறார்கள். கிழங்கு வாங்கிய அம்மாவுக்கு மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளை சொல்கிறது: "அம்மா, இது பிழையா காட்டுது. திரும்ப நிறுத்துட்டு வாங்க."

அந்த அம்மா மரக்கறிப் பக்கம் போகிறார். அங்கேயும் வரிசை. தராசில் நிற்கிற பையன் பழைய ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே பையை அதே தராசில் வைத்து, கிழங்குக்குரிய அதே இலக்கத்தை அழுத்துகிறான். அதே ஸ்டிக்கர் வருகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் 33,600. வேறு என்ன வரும்? நிறுவையில் பிழையே இல்லையே!

அடுத்து சுப்பவைசர் வருகிறார். "பை சுருங்கியிருக்கு" என்று ஸ்டிக்கரை விரலால் நீவிவிட்டுக் காட்டுகிறார். 33,600. ஸ்கேனர் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுக் காட்டுகிறார். 33,600. பக்கத்துக் கவுண்டருக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார். அங்கேயும் 33,600. ஒவ்வொரு முறை பிழையாக ஏறினதையும் ரத்துச் செய்யச் சாவியைக் கொண்டு வந்து திருப்ப வேண்டும். இருபது நிமிசம்! அந்த ஸ்டிக்கரின் கீழே உள்ள இலக்கங்களை ஒரு தடவை கண்ணால் வாசித்திருந்தால் அரை நிமிசத்தில் விசயம் விளங்கியிருக்கும். ஒருவரும் வாசிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

வாசித்துக் காட்டுகிறேன். ஸ்டிக்கரில் இருந்த இலக்கம் இது:

```
20 00352 33600 8
```

ஸ்டிக்கரில் இப்படி இடைவெளி இருக்காது, விளங்குவதற்காகப் பிரித்திருக்கிறேன். முதல் இரண்டு இலக்கம் 20. இலங்கையில் பதிந்த கம்பெனிகளின் பிஸ்கட் பக்கெட்டில் பார்கோட் 479 என்று தொடங்கும். 20 முதல் 29 வரை தொடங்குவது அப்படி இல்லை, அது கடை தன் பாவனைக்குத் தானே அடித்துக்கொள்கிற பார்கோட். அந்தக் கடைக்கு வெளியே அதற்கு அர்த்தமே கிடையாது. அடுத்த ஐந்தும் பொருளின் இலக்கம், இங்கே கிழங்கு. அதற்கடுத்த ஐந்து இலக்கம் விலை. கடைசியில் உள்ள 8 சோதனை இலக்கம்.

ஸ்கேனர் சரியாக வாசித்ததா என்று சொல்வது அந்தச் சோதனை இலக்கம்தான். இடமிருந்து முதல் பன்னிரண்டு இலக்கத்தை எடுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 10. இரட்டைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 14, அதை மூன்றால் பெருக்கினால் 42. இரண்டும் சேர்ந்து 52. அடுத்த பத்தின் மடங்கான 60க்கு இன்னும் 8 வேண்டும். அதுதான் அந்த 8. ஒரு கோடு மங்கி இலக்கம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும், ஸ்கேனர் சத்தமே போடாது. இங்கே ஒவ்வொரு முறையும் "பீப்" என்று சத்தம் வந்தது. அப்படியென்றால் ஸ்டிக்கர் நல்ல ஸ்டிக்கர், வாசித்ததும் சரி. பிறகு எதற்குப் பையை நீவுகிறீர்கள்? எதற்குக் கண்ணாடியைத் துடைக்கிறீர்கள்?

பிழை அந்த 33600 என்பதற்குள் புள்ளி எங்கே என்பதில். இந்தப் பதின்மூன்று இலக்கப் பார்கோட்டில் புள்ளிக்கு இடமே இல்லை. கடைசி இரண்டும் சதம் என்று தராசு நினைத்து அடிக்கிறது: 336 ரூபாய் 00 சதம். சதமே இல்லை, ஐந்தும் ரூபாய் என்று பில் மெஷின் நினைத்து வாசிக்கிறது: 33,600 ரூபாய். இரண்டும் தன் தன் கணக்கில் சரி. இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டிய மனிதர்தான் தன் வேலையைச் செய்யவில்லை.

பில் மெஷினைச் சதம் இல்லாமல் வாசிக்க எதற்காக மாற்றினார்கள் என்பதையும் அதே கடையின் கருவாட்டுப் பக்கத்து ஸ்டிக்கரே சொல்கிறது. நெத்தலி கிலோ 1,600 ரூபாய். 775 கிராம் நிறுத்தால் 1,240 ரூபாய். இதைச் சதத்தோடு எழுத 124000 என்று ஆறு இலக்கம் வேண்டும். இருப்பது ஐந்து இடம். சதத்துக்கு இரண்டைக் கொடுத்துவிட்டால் அந்த ஐந்து இடத்தில் ஆகக் கூடியது 999 ரூபாய் 99 சதம்தான். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது தராசின் ரகத்தைப் பொறுத்தது. ஒரு ரகம் பிழை காட்டி ஸ்டிக்கர் அடிக்காமல் நின்றுவிடும். அது நல்ல ரகம். இன்னொன்று முன்னால் உள்ள 1ஐ வெட்டி எறிந்துவிட்டு 24000 என்று அடிக்கும். ஸ்டிக்கரில் கண்ணுக்குத் தெரிகிற விலை 1,240.00, பார்கோட்டுக்குள் 240.00. பில்லும் 240 என்று விழும். ஆயிரம் ரூபாய் போனது ஒருவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் இருப்புக் கணக்குப் பார்க்கும்போது நெத்தலி குறையும், கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளைத்தான் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். சதக் குத்தி கையில் புழங்குவதே நின்றுபோச்சு, பிச்சை போட்டாலும் வாங்க ஆள் இல்லை. அதற்கு ஐந்தில் இரண்டு இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் திருடர் ஆக்குகிறீர்கள்!

அந்தக் கடையில் இதைத் திருத்தத்தான் போயிருக்கிறார்கள். கருவாட்டுத் தராசில் சதத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே 1,240 ரூபாய்க்கு 01240 என்று அடிக்கிறது. பில் மெஷினிலும் 20 என்று தொடங்குவதற்கெல்லாம் சதத்தை எடுத்துவிட்டார்கள். மரக்கறித் தராசை மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு தராசு, ஒரு செட்டிங். அதற்குப் பலி அந்த அம்மாவும் அவருடைய பஸ்ஸும்.

இதுகூடப் பரவாயில்லை, 33,600 என்றால் எந்தப் பிள்ளைக்கும் கண்ணில் குத்தும். பயப்பட வேண்டியது சின்னச் சாமான். 18 ரூபாய்க்குக் கறிவேப்பிலை நிறுத்தால் பார்கோட்டில் 01800, பில்லில் 1,800. சாமான் நிறைந்த கூடையில், நீளமான பில்லில், அது நழுவிப் போய்விடும். ஆகவே தராசு ஸ்டிக்கர் ஒட்டின பை உங்கள் கையில் இருந்தால் கடைசி இலக்கத்தை விரலால் மூடிவிட்டு அதற்கு முன்னால் உள்ள ஐந்தையும் பாருங்கள். பிறகு பில்லில் அந்த வரியைப் பாருங்கள். ஸ்டிக்கரில் அச்சான விலையும் பில்லும் நூறு மடங்கு வித்தியாசப்பட்டால் சண்டையை நிறுவையில் தொடங்காதீர்கள், புள்ளியில் தொடங்குங்கள்.

கடைக்காரர்களே, இதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. பொருளின் இலக்கத்துக்கு ஐந்து இடம் எதற்கு? நிறுத்து விற்கிற சாமான் உங்களிடம் எத்தனை இருக்கும்? முந்நூறா, நானூறா? அதற்கு நாலு இடம் தாராளம். மிச்சமாகிற ஒன்றை விலைக்குக் கொடுத்தால் ஆறு இடம், 9,999 ரூபாய் 99 சதம் வரை சதத்தோடு போகும். இலக்க அமைப்பை மாற்ற விடுகிற தராசு என்றால் இதைச் செய்யலாம். விடாத தராசு என்றால் சதத்தை எடுங்கள், ஆனால் கடையில் உள்ள எல்லாத் தராசிலும் எடுங்கள். விலைக்குப் பதிலாக நிறையை அடிக்கிற வழியும் உண்டு. 775 கிராம் என்றால் 00775, ஐந்து இடத்தில் 99 கிலோவுக்கு மேலும் போகும், பெருக்குவதைப் பில் மெஷின் செய்துகொள்ளும். அப்போது தராசிலும் பில் மெஷினிலும் கிலோ விலை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், பில் இன்னொன்று சொல்லும், அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

எதைச் செய்தாலும் 20ஐத் தொடாதீர்கள்! காலையில் பொதி கட்டி ஸ்டிக்கர் ஒட்டின பருப்பும் கடலையும் இன்னும் தட்டில் கிடக்கிறது. அதெல்லாம் பழைய கணக்கில் அடித்தது. மத்தியானம் பில் மெஷினில் 20க்குச் சதத்தை எடுத்தால் அவ்வளவும் நூறு மடங்காகும். புதிய முறைக்கு 22 என்று வேறு தொடக்கம் கொடுங்கள். பழைய 20 பழைய கணக்கிலேயே ஓடி முடியட்டும். பிறகு ஒவ்வொரு தராசிலும் மூன்று பை நிறுங்கள்: நூறு ரூபாய்க்குக் குறைந்த ஒன்று, சில நூறு ரூபாயில் ஒன்று, ஆயிரத்துக்கு மேல் ஒன்று. மூன்றையும் பில் போட்டுப் பாருங்கள். ஒரு தராசுக்கு ஐந்து நிமிச வேலை. கடை திறக்க முன்னம் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில், சனத்தின் தலையில் பரீட்சை வைக்க வேண்டாம்.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளை கையால் 336 என்று அடித்துப் பில் போட்டது. அதை முதலிலேயே செய்திருக்கலாம், ஆனால் சுப்பவைசர் சாவி இல்லாமல் விலையைக் கையால் அடிக்க முடியாதாம். அந்த அம்மா 340 ரூபாய் கொடுத்தார். மிச்சம் நாலு ரூபாய். பெட்டியில் சில்லறை இல்லை என்று இரண்டு டொபியைத் தூக்கிக் கையில் வைத்தார்கள்.

டொபி! நாலு ரூபாய்க்கு டொபி! பேங்கில் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் குத்தி மாற்றி வைக்க ஒரு ஆள் இல்லையா இந்தக் கடையில்? மஸ்கெலியா பஸ்ஸில் நாலு ரூபாய் குறைந்தால் கொண்டக்டர் டொபியை வாங்கிக்கொள்வாரா?