ஒரு ஊர்ப்பெயரைச் சேர்க்க இண்டெக்ஸ் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டுமாம்

சீனக்குடா என்று தேடினால் ‘சைனா பே’ என்று போட்ட விளம்பரமும் வரவேண்டும். கேட்டது இவ்வளவுதான். திருகோணமலையில் வாடகை வீடு, படகு இஞ்சின், மீன், பழைய மோட்டார்சைக்கிள் என்று கிடைத்ததெல்லாம் விற்கிற ஒரு விளம்பரத் தளம், எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஓடுகிறது. அதைக் கட்டிக்கொடுத்த மனிதர், எந்தெந்தப் பெயர் ஒன்று என்று சொல்கிற சினானிம் பட்டியலை இண்டெக்ஸ் பக்கம் செருகிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். இப்போது முதலாளி “தம்பி, உவர்மலையும் ஓர்ஸ் ஹில்லும் ஒன்றுதானே, அதையும் சேர்த்துவிடும்” என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் அன்றைய இரவு எனக்குப் போச்சு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இண்டெக்ஸ் பக்கம் சினானிம் வைத்தால், விளம்பரத்தைச் சேமிக்கும்போதே அதிலுள்ள ‘சீனக்குடா’வுக்குப் பக்கத்தில் ‘சைனா’, ‘பே’ என்ற சொற்களையும் சேர்த்து எழுதிவிடும். தேடல் பக்கம் வைத்தால் விளம்பரம் எழுதியபடியே கிடக்கும். ஆள் தேடுகிற நேரத்தில்தான் அவர் தட்டிய சொல் மற்றப் பெயர்களுக்கும் விரியும். முதலாவதில் பட்டியல் மாறினால் ஏற்கனவே எழுதினது எழுதினதுதான், பழைய விளம்பரங்களுக்கு ஒன்றுமே நடக்காது, எல்லாவற்றையும் திரும்ப ரீஇண்டெக்ஸ் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால் நேற்றுப் போட்ட வீடு வரும், போன மாதம் போட்ட வீடு வராது, ஆட்கள் போன் எடுத்து ஏசுவார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. `_analyze` அடித்துப் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டும், ஏனென்றால் அது இன்றைய விதியை வைத்துத்தான் பிரித்துக் காட்டுகிறது. அந்த விளம்பரம் சேமிக்கப்பட்ட அன்று என்ன எழுதப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. உண்மையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த விளம்பரத்தின் இலக்கத்துக்குள் மட்டும் ‘சைனா’வை `term` கேள்வியாகத் தேடவேண்டும். விளம்பரம் வரவில்லை என்றால் கதை முடிந்தது, அது பழைய பட்டியலில் உறைந்துபோன விளம்பரம்.

சேர்ப்பதாவது பரவாயில்லை, எடுப்பதுதான் இன்னும் மோசம். யாரோ சொன்னார்கள் என்று கிண்ணியாவையும் மூதூரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு ஊர் ஐயா, மூதூரில் வீடு தேடுகிறவருக்குக் கிண்ணியா வீட்டைக் காட்டி என்ன பயன்? விதியைப் பட்டியலிலிருந்து அழித்தாயிற்று, ஆனால் பழைய கிண்ணியா விளம்பரங்களின் வயிற்றுக்குள் ‘மூதூர்’ இன்னும் இருக்கிறது. அதுவும் எது ஆள் எழுதினது, எது விதி சேர்த்தது என்று இண்டெக்ஸைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். அதனால் ஆள் எழுதின சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளி கொடுப்போம் என்றாலும் வழியில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: “தேடல் பக்கம் வைத்தால் தேடல் மெதுவாகும்.” எவ்வளவு மெதுவாகும்? திருகோணமலை, திருமலை, டிரிங்கோ, டிரிங்கோமலி என்று நாலு பெயர் என்றால் ஒரு சொல்லின் பட்டியலை வாசிப்பதற்குப் பதில் நாலு பட்டியலை வாசிக்கும். இந்த அளவுத் தளத்தில் அது கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம் பாருங்கள், இந்த மாவட்ட விளம்பரம் எல்லாவற்றிலும் ஊர்ப்பெயர் இருக்கும், ஒரு லட்சம் விளம்பரம் என்று வைத்தால் இந்த ஒரு விதிக்கே மூன்று லட்சம் உபரிப் பதிவு. நேர்மையாகச் சொன்னால் அதுவும் சுருக்கிச் சேமிக்கப்படுவதால் டிஸ்க் நிறைந்துவிடாது. விதி நூற்றுக்கணக்கில் போய், விளம்பரம் கோடிக்கணக்கில் போனால்தான் இண்டெக்ஸ் பருமன் கடிக்கும். ஆக இங்கே வேகத்தில் லாபமும் இல்லை, இடத்தில் பெரிய நட்டமும் இல்லை. ஆனால் பட்டியலைத் தொடவே பயப்படுகிற நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

எனக்கு உண்மையில் கொதி வந்த இடம் இதுதான். ‘சீனக்குடா சந்தி வீடு’ என்று ஒரு விளம்பரம். சீனக்குடா ஒரு சொல், சைனா பே இரண்டு சொல். இண்டெக்ஸில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இட எண் உண்டு, ஆனால் ஒரு சொல் எத்தனை இடத்தைப் பிடிக்கிறது என்று எழுத அங்கே வசதியே இல்லை. அதனால் பழைய `synonym` ஃபில்டர் செய்கிறது இதுதான்: 0ஆம் இடத்தில் சீனக்குடாவும் சைனாவும், 1ஆம் இடத்தில் சந்தியும் பேயும், 2இல் வீடு. இனி ஒருவர் “சைனா பே சந்தி” என்று சொற்றொடராகத் தேடினால் பேயும் சந்தியும் ஒரே இடத்தில் ஏறிக் குந்தியிருப்பதால் ஒன்றும் வராது. “சைனா சந்தி” என்று யாருமே சொல்லாத ஒன்றைத் தேடினால் அழகாக வரும்! `synonym_graph` போட்டு `flatten_graph` கொண்டு தட்டையாக்கினாலும் தீராது. அப்போது சந்தி 2ஆம் இடத்துக்குத் தள்ளப்படும், விளம்பரத்தில் எழுதியிருக்கிற அதே “சீனக்குடா சந்தி” கிடைக்காமல் போகும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிறது.

தேடல் பக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. `synonym_graph` அந்தக் கேள்வியை “சீனக்குடா சந்தி” அல்லது “சைனா பே சந்தி” என்று இரண்டு முழுப் பாதையாகப் பிரித்துத் தேடும். செய்யவேண்டியது இவ்வளவுதான்:

```json
"oor_synonyms": {
  "type": "synonym_graph",
  "synonyms_path": "analysis/oor.txt",
  "updateable": true
}
```

இந்த ஃபில்டரை `search_analyzer`இல் மட்டும் வைக்கவேண்டும். அதைத் தனியாக எழுதாவிட்டால் `analyzer`இல் உள்ளதே தேடலுக்கும் பயன்படும், அதாவது இரண்டு பக்கமும் விரியும். இண்டெக்ஸுக்கும் செலவு, தேடலுக்கும் செலவு, பயன் ஒன்று. இண்டெக்ஸுக்குள் ஏற்கனவே ஒட்டியிருக்கும் சொற்களைக் கழுவ ஒரு கடைசி ரீஇண்டெக்ஸ் தேவை, அதோடு சரி. இன்னொன்று, ‘சீனக்குடாவில்’ என்று எழுதினால் எந்தப் பக்கத்து விதியும் பிடிக்காது. வேற்றுமை உருபைக் கழிக்கிற ஃபில்டருக்குப் பிறகுதான் சினானிம் வரவேண்டும்.

எல்லாவற்றையும் தேடல் பக்கம் தள்ளுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ‘மீன்’ என்று தேடுகிறவருக்குச் சூரை, பாரை, அறுக்குளா என்று எல்லா மீனையும் விரித்தால் ஒரு சொல் ஐம்பது சொல்லாகும். அதற்கு இண்டெக்ஸ் பக்கம்தான் சரி: `சூரை => சூரை, மீன்`. ஒரு விளம்பரத்துக்கு ஒரே ஒரு உபரிச் சொல், சூரை தேடுகிறவருக்குப் பாரை வந்து நிற்காது, அப்புறம் சூரை நாளைக்கு மீன் இல்லாமல் போகப்போவதும் இல்லை. மாறாத, ஒற்றைச்சொல், ஒருவழி விதிகளுக்கு அது நல்ல இடம். ஆட்கள் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிற ஊர்ப்பெயரைக் கொண்டுபோய் அங்கே போட்டதுதான் விசர் வேலை.

இப்போது புதுப் பெயர் வந்தால், `oor.txt`ஐ எல்லா நோடிலும் மாற்றிவிட்டு இந்த இரண்டு வரி:

```
POST /vilambaram/_reload_search_analyzers
POST /vilambaram/_cache/clear?request=true
```

இரண்டாவதை விட்டால் பழைய பதிலே கேஷிலிருந்து வரக்கூடும். பிறகு “மாற்றினேன், வேலை செய்யவில்லை” என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் எடுக்காதீர்கள்.