‘சிங்கப்பூரர்கள் மட்டும்’ என்ற அந்த ஒரு வரி

சென்ற தீபாவளிக்கு ஒரு துணிக்கடை தன் முகநூல் பக்கத்தில் பரிசுக் குலுக்கல் வைத்தது. 300 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு விழுந்தது. கப்பல் பட்டறையில் வேலை, துவாஸ் பக்கம் தங்குவிடுதி. ஊரில் அம்மாவுக்குப் புடவை எடுத்துவிடலாம் என்று அன்றிரவே வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால், “நீங்க வேலை அனுமதியில இருக்கீங்க, இது சிங்கப்பூரர்களுக்கு மட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். “சிங்கப்பூரில் உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்” என்றுதான் இருந்தது. இவர் சிங்கப்பூரில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறார்?

கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் ஒன்று இருந்தது, எழுதியது வேறு. ஆனால் எழுதியதுதான் வாக்கு. பரிசு என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்தே வியாபாரம் செய்வதை, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது. வார்த்தையில் கவனமாக இருக்க அது ஒன்றே போதும்.

‘சிங்கப்பூரர்’ என்றால் குடிமக்கள். ‘சிங்கப்பூரில் வசிப்பவர்’ என்றால் நிரந்தரவாசி, மாணவர், வேலை அனுமதியில் இருப்பவர் எல்லாரும் அடக்கம். ஜோகூரில் வீடு, தினமும் பாலம் தாண்டி வந்து இங்கே வேலை பார்ப்பவர்? இரண்டிலும் வரமாட்டார். அவரும் தேக்காவில் நம் கடையில்தான் துணி எடுக்கிறார். என்னைக் கேட்டால் குடியுரிமையைத் தொடவே வேண்டாம். “18 வயது நிரம்பியவர், சிங்கப்பூரில் எங்கள் கடைக்கு நேரில் வந்து பரிசைப் பெற்றுக்கொள்ளக் கூடியவர்” என்று எழுதினால் போதும். கடைக்கு வேண்டியதும் அதுதானே. ஆனால் பரிசு வாங்கும் நாட்களில் ஒரு ஞாயிறாவது இருக்க வேண்டும். “வார நாட்களில், மாலை 6 மணிக்குள்” என்று போட்டால், பட்டறையிலிருந்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்தியதாகத்தான் அர்த்தம்.

ஊழியர்களின் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது என்கிறார்கள், அது சரி. நம் வழக்கத்தில் ஒன்றுவிட்ட அத்தை மகனும் குடும்பம்தான். எனவே “ஊழியர்களும், அவர்களுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களும்” என்று எழுதுங்கள்.

அப்புறம் அடையாள அட்டை. கருத்துப் பெட்டியிலேயே அட்டை எண்ணைப் போடச் சொன்ன கடைகளை நானே பார்த்திருக்கிறேன், பதறிப்போனேன். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ ஒழிய நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை அனுமதி எண்ணும் இதில் அடக்கம். புடவைப் பற்றுச்சீட்டுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. வென்றவரிடம் தனிச்செய்தியில் பெயரும் கைப்பேசி எண்ணும் வாங்குங்கள். கடைக்கு வந்ததும் அவர் கைப்பேசியில் அதே முகநூல் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அட்டையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதிக்கொள்ளவோ படம் எடுக்கவோ வேண்டாம். அந்தக் கைப்பேசி எண்ணுக்கு அடுத்த மாதம் தள்ளுபடி விளம்பரம் அனுப்பவும் கூடாது. அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும்.

“பகிருங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்” என்பதை எல்லாரும் போடுகிறார்கள். முகநூலின் விளம்பரப் போட்டி விதிகள் இரண்டையும் அனுமதிப்பதில்லை. பதிவின் கீழ் கருத்து எழுதச் சொல்லலாம், லைக் போடச் சொல்லலாம். கலந்துகொள்ளவென்றே காசு வாங்க மட்டும் நினைக்காதீர்கள். 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

‘18ஆம் தேதி நள்ளிரவு’ என்பது 17 முடியும்போதா, 18 முடியும்போதா என்றும் ஒரு சண்டை வரும். மணியைப் போட்டுவிடுங்கள்.

நான் ஒரு தோழியின் கடைக்கு எழுதிக் கொடுத்தது இது:

“18 வயது நிரம்பிய, சிங்கப்பூரில் எங்கள் கடைக்கு நேரில் வந்து பரிசு பெறக்கூடிய எவரும் கலந்துகொள்ளலாம். எங்கள் ஊழியர்களும், அவர்களுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களும் கலந்துகொள்ள இயலாது. கட்டணம் இல்லை. இந்தப் பதிவின் கீழ், உங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் ஒன்றின் பெயரை எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு வாய்ப்பு. கடைசி நேரம்: அக்டோபர் 18, இரவு 11.59, சிங்கப்பூர் நேரம். மறுநாள் இரவு 8 மணிக்கு நேரலையில் ஒருவரைக் குலுக்கித் தேர்ந்தெடுப்போம். அவர் 3 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் மீண்டும் குலுக்குவோம். பரிசை நவம்பர் 2 வரை, ஞாயிறு உட்பட, காலை 11 முதல் இரவு 9 வரை பெறலாம். உங்கள் விவரங்களைப் பரிசு வழங்க மட்டுமே பயன்படுத்தி, பிறகு அழித்துவிடுவோம். இந்தக் குலுக்கலை முகநூல் நடத்தவோ ஆதரிக்கவோ இல்லை. இது தொடர்பாக அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதைப் பங்கேற்பவர்கள் ஏற்கிறார்கள்.”

குலுக்கல் வைக்கிற கடைக்காரர்கள் தேதியை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.