அச்சடிக்க அச்சடிக்கக் குறைந்த வருமானம்

"அரசிடம் பணம் இல்லையா, அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதானே, விலைவாசி கொஞ்சம் ஏறினால் என்ன" என்று யாராவது சொன்னால் நோட்டை அச்சடித்தே விலைவாசியைப் பறக்கவிட்ட 1923-இன் ஜெர்மனிதான் எனக்கு நினைவுக்கு வரும். விலை ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வழியில் அரசுக்குக் கிடைக்கும் வருமானமே ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்கிவிடும், அதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

பணவீக்கம் ஒரு வரி. நீங்கள் கையில் வைத்திருக்கும் நோட்டின் மதிப்பு மாதம் 10 சதவீதம் கரைந்தால், கரைந்தது புது நோட்டு அடித்துச் செலவு செய்த அரசுக்குப் போய்ச்சேர்கிறது. வரி விகிதம் பணவீக்கம், வரி விழும் சொத்து மக்களின் ரொக்கக் கையிருப்பு. விகிதத்தை அரசு கூட்டலாம், ஆனால் கையிருப்பு மக்கள் இஷ்டம்.

ஜெர்மனியின் கணக்குகளை வைத்து 1956-இல் பிலிப் கேகன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை அளந்தார். அவருடைய மதிப்பீட்டின்படி, விலை ஏறாத காலத்தில் மக்கள் 100 ரூபாய் மதிப்புக்கு ரொக்கம் வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், மாதம் 10 சதவீதம் ஏறும்போது அது சுமார் 58 ஆகும், அரசுக்கு மாதம் 5.8 கிடைக்கும். 18 சதவீதத்தில் கையிருப்பு 37, வருமானம் 6.7. இதுதான் உச்சம். 50 சதவீதம் ஏறினால் கையில் 6.5தான் மிஞ்சும், அரசுக்கு 3.3. இரு மடங்குக்கு மேல் கூடிய வரி விகிதத்தில் பாதி வருமானம்!

சரி, உச்சம் 20 சதவீதத்துக்குள்ளேயே இருக்கும்போது, ஆகஸ்ட் 1922 முதல் நவம்பர் 1923 வரையிலான பதினாறு மாத காலத்தில் சராசரியாக மாதம் 322 சதவீதம் வரை ஏன் போனார்கள்? மக்கள் உடனே மாறிவிடுவதில்லை, பழைய விலையேற்றத்தை வைத்தே அடுத்ததைக் கணிக்கிறார்கள். அந்த இடைவெளியில் இன்னும் வேகமாக அச்சடித்தால் கொஞ்ச நாளைக்கு வருமானம் கூடத்தான் செய்யும். ஜனவரி 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியைப் பிடித்தபோது, வேலையை நிறுத்தி எதிர்த்த தொழிலாளர்களின் சம்பளத்தையும் இப்படித்தான் கொடுத்தார்கள். அப்புறம் மக்கள் விழித்துக்கொண்டார்கள். சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள், டாலர் தேடினார்கள். போதாக்குறைக்கு மற்ற வரிகளும் வசூலாகி வருவதற்குள் மதிப்பிழந்தன, அந்த ஓட்டையை அடைக்க மேலும் அச்சடித்தார்கள். தப்பி ஓட வழியில்லாத ஓய்வூதியக்காரர்களும் வங்கியில் சேமித்தவர்களும்தான் இதற்கு முழு விலை கொடுத்தார்கள், அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் புழக்கத்தில் இருந்த நோட்டெல்லாம் சேர்ந்து போருக்கு முந்தைய மதிப்பில் சில சதவீதமே தேறியது. நவம்பர் 1923-இல் ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது, அரசுக்குக் கடன் கொடுக்க வரம்பு விதித்தார்கள், விலையேற்றம் நின்றது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் புழக்கத்தில் பணம் பெருமளவு கூடியது, விலை பழையபடி பறக்கவில்லை. மக்கள் மறுபடியும் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.