பத்து செகண்டுதானே தம்பி!

இந்த "பத்து செகண்டு" கணக்கை முதலில் கிளப்பிவிட்டவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். ஈரோட்டில் உட்கார்ந்து கடைகளுக்கு முப்பது செகண்டு வீடியோ வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, பேக்கரி, யார் வந்தாலும் முதலில் சொல்வது இதுதான்: "சினிமா பாட்டு போடு தம்பி, பத்து செகண்டுக்குள்ள போட்டா காப்பிரைட் வராது."

வரும். 1957 காப்புரிமைச் சட்டத்தை முன்னால இருந்து பின்னால வரைக்கும் புரட்டினாலும் பத்து செகண்டு, முப்பது செகண்டு என்று ஒரு கணக்கும் கிடைக்காது. 52-வது பிரிவில் சில விலக்குகள் உண்டு: சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி மாதிரி. "தீபாவளி ஸ்பெஷல் மைசூர்பா கிலோ இவ்வளவு" என்பது இதில் எதிலும் சேராது. அது விளம்பரம்.

போன தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் ஸ்டால் வேலை. 28 செகண்டு வீடியோ. ஓனர் கேட்ட சினிமா பாட்டு வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் மகன் முறைத்தான். கடையின் இன்ஸ்டாகிராம் பிசினஸ் அக்கவுண்டில் அந்தப் பாட்டு வரவில்லை என்று அக்கவுண்டையே பர்சனலாக மாற்றிவிட்டான். இப்போது பாட்டு வந்துவிட்டது, பார்த்தியா என்று என்னிடமே காட்டுகிறான். அட ராசா, அக்கவுண்டு வகையை மாற்றினால் பாட்டு கண்ணுக்குத் தெரியும், விதி மாறாது. இன்ஸ்டாகிராமுக்கும் பாட்டுக் கம்பெனிகளுக்கும் உள்ள ஒப்பந்தம் நீ உன் அத்தை பொண்ணு கல்யாணத்தில் ஆடுவதற்கு. மைசூர்பா விற்பதற்கு அல்ல. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் இசை விதிகளிலேயே வணிக உபயோகத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள், காசு கட்டி வீடியோவை இன்னும் நிறைய பேருக்குக் காட்ட, பூஸ்ட் போடப் போனான். காப்புரிமை உள்ள பாட்டு இருக்கிறது, பூஸ்ட் ஆகாது என்று வந்தது. இங்கேயாவது புத்தி வரணுமா இல்லையா? பாட்டை வேறு இடத்தில் டவுன்லோடு செய்து, வீடியோவுக்குள்ளேயே ஒட்டி, மறுபடி ஏற்றினான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வீடியோ ஊமையாகிவிட்டது. லட்டு உருளுகிறது, சத்தம் இல்லை. திட்டு யாருக்கு? எனக்கு.

ஓனர் அடுத்து ஒரு வாதம் வைத்தார் பாருங்கள். "கடையில பாட்டு போடுறதுக்கு லைசென்சுன்னு வருசா வருசம் காசு கட்டுறேனே தம்பி, அது எதுக்கு?" அண்ணா, அது கடைக்குள் ஸ்பீக்கரில் போடுவதற்கு. படத்தோடு பாட்டைச் சேர்ப்பதற்கு 'சிங்க்' உரிமை என்று வேறொன்று இருக்கிறது, அதைப் பாட்டின் உரிமையாளரிடம் நேராக வாங்க வேண்டும். அப்படியானால் உள்ளூர்ப் பையனை வைத்து அதே பாட்டைப் பாடவைத்தால்? அதுவும் ஆகாது. ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. புதிதாகப் பாடினால் ஒலிப்பதிவு பிரச்சினை மட்டும்தான் போகும், வரியும் மெட்டும் அப்படியே நிற்கும். 2017-ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினாரே, ஊரே பட்டிமன்றம் நடத்தியதே, அது மேடையில் பாடியதற்குத்தான், கேசட் ஓட்டியதற்கு இல்லை.

கடைசியில் வழி கிடைத்தது நாதஸ்வரத்தில். பக்கத்து ஊர்க் கோவிலில் வாசிப்பவரையும் தவில்காரரையும் கூப்பிட்டு, சாத்திய கதவுக்குள் ஒரு மைக் வைத்து, மல்லாரி வாசிக்கச் சொன்னேன். முக்கால் மணி நேர வேலை. மல்லாரி பரம்பரைச் சொத்து, யாரும் கேட்க வரமாட்டார்கள். உடனே "அப்ப நானும் வீட்ல இருக்கிற நாதஸ்வர சிடியை ஓட்டுறேன்" என்று கிளம்பாதீர்கள். தியாகராஜர் 1847-லேயே போய்விட்டார், அவர் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. ஆனால் அதை வாசித்துப் பதிவு செய்த சிடிக்கு, வெளியான மறு வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை ஓடும்.

அந்த வித்வான்களோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். ஓனர் சிரித்தார், மேளக்காரருக்கு எதுக்கு தம்பி பத்திரம் என்று. காசு கொடுத்தால் உரிமையும் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் 5 வருடம் என்று சட்டமே முடிவு செய்துவிடும், எந்த ஊர்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவோடு சரி. துபாயில் இருக்கும் மச்சான் கடைக்கும் அதே வீடியோ போகும் என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

இசை நூலகத்தில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்றாலே இலவசம் என்று அள்ளாதீர்கள். லைசென்ஸ் பெயரில் NC இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. ND இருந்தால் மாற்றக்கூடாது. நான்தான் மாற்றவே இல்லையே என்பீர்கள். அசையும் படத்தோடு இசையைப் பொருத்தினாலே மாற்றம்தான் என்று அந்த லைசென்சே சொல்கிறது. எனக்கே இது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை போட்ட வீடியோக்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

போட்டோ கதை இதைவிட வேடிக்கை. அல்வா போட்டோ கேட்டால் கூகுளில் எடுத்து அனுப்புகிறான் மகன். குறுக்கே இருந்த வாட்டர்மார்க்கை ஏதோ ஆப்பில் அழித்திருக்கிறான், ஓரத்தில் பாதி எழுத்து இன்னும் தெரிகிறது. உரிமைக்காரர் அடையாளத்தைத் தெரிந்தே நீக்குவது 65B பிரிவில் தனிக் குற்றம், 2 வருடம் வரை ஜெயில். அதை விடுங்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து அடியில், நெய் மினுங்கிக்கொண்டு, ஆவி பறக்க, அவங்க கடை அல்வா தட்டில் இருக்கிறது! கையில் போன் இருக்கிறது! யாரோ ஊர்க்காரன் அல்வாவைத் திருடி உன் அல்வா என்று காட்டுவாயா? ராயல்டி ஃப்ரீ என்றால் ஓசி என்று வேறு நினைப்பு. ஒருமுறை காசு கட்டினால் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

ஃபான்ட்டுக்கு வந்தால், டிடிபி சென்டரில் பென்டிரைவ் வழியாக வந்த முந்நூறு தமிழ் எழுத்துருக்கள் நம் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஜிப் ஃபைலுக்குள் `license.txt` இருந்தால் திறந்து பாருங்கள், பல அழகு ஃபான்ட்டுகளில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும். நான் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். `OFL.txt` என்று திறந்த லைசென்ஸ் கூடவே வரும், வியாபாரத்துக்குத் தாராளமாகப் போடலாம், ஃபான்ட்டைத் தனியாக விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஓனர் போன். குரலே நடுங்குகிறது. "தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒரு கடை வந்திருக்கான்ல, நம்ம மேளத்தைத் திருடி அவன் வீடியோவுல போட்டிருக்கான். பச்சைத் திருட்டு! கேஸ் போட்டே ஆகணும்."

"எவ்ளோ செகண்டு போட்டிருக்கானுங்கண்ணா?"

"பத்து செகண்டு இருக்கும்."

"போடலாங்கண்ணா. அந்த ஒப்பந்தப் பேப்பரை எடுத்து வைங்க."

"எந்தப் பேப்பரு?"