"ஒப்புக்கொண்டார்" என்று எழுதுவதற்கு முன்

மலேசியாவில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஒழுங்கு விசாரணை என்றால், நாங்கள் சொல்கிற டி.ஐ. என்றால், குறிப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் எழுதத் தெரியும் என்பதுதான் தகுதி. குறிப்பு எப்படி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு தம்பிக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன்.

இரவு ஷிப்ட். பேக்கிங் லைனில் வேலை செய்யும் தம்பி. அதிகாலை 2.40க்கு வெளியே போனதாகப் பின்வாசல் கார்டு பதிவு காட்டுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியிருக்கிறார். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் என்று வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. விளக்கம் கேட்டு ஷோ காஸ் கடிதம் கொடுத்தார்கள், பதில் எழுதிக் கொடுத்தார், அப்புறம் விசாரணை. தலைவர் ஒருவர், பேனலில் இன்னும் இரண்டு பேர், நிர்வாகத் தரப்பில் வழக்கைச் சொல்ல ஒரு அதிகாரி, ஓரத்தில் நான்.

அதிகாரி கேட்டார்: "2.40க்கு வெளியே போனீங்களா?"

தம்பி சொன்னது: "போனேன் சார். லீடர் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"அவர் சரின்னு சொன்னாரா?"

"தலையாட்டினார் சார்."

என் கைநோட்டில் இந்த நான்கு வரியும் அப்படியே இருந்தன. மாலையில் கணினியில் அடித்தபோது இப்படி ஆனது: "அனுமதியின்றி வெளியேறியதை ஒப்புக்கொண்டார். லீடர் அனுமதித்ததாகக் கூறிச் சமாளித்தார்." சுருக்கமாக இருக்கிறது, மேலாளர் படிக்கச் சுலபம் என்று நினைத்தேன்.

பேனல் இரண்டு நாள் கழித்துத்தான் முடிவெடுக்க உட்கார்ந்தது. அவர்கள் முன்னால் தம்பி இல்லை, நான் அடித்த தாள்தான் இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி லீடரை ஏன் கூப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த லீடர் உண்மையிலேயே தலையாட்டினாரா, ஆட்டியிருந்தால் அது சரி என்ற அர்த்தத்திலா என்று கேட்க வேண்டிய ஒரே சாட்சியைக் கேட்கவே இல்லை. வேலை போய்விட்டது.

தம்பி ஒப்புக்கொண்டது வெளியே போனதை மட்டும்தான். அனுமதியில்லாமல் போனதை அல்ல. "அனுமதியின்றி" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை, அது குற்றச்சாட்டுத் தாளில் இருந்த சொல். நான் அதை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 14ஆவது பிரிவு, தவறான நடத்தைக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும் என்கிறது. நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிடலாம். தம்பி முறையிட்டார். சமரசப் பேச்சில் தீராமல் விஷயம் தொழில் நீதிமன்றம் வரை போனது. அங்கே குறிப்பெடுத்தவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அவர் எந்த மொழியில் பேசினார்? தமிழில் என்றால், அந்தத் தமிழைச் சொல்லுங்கள்." என் கைநோட்டு அலமாரியில் பத்திரமாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. "சமாளித்தார் என்று எதைப் பார்த்து எழுதினீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் எழுதும் முறையே மாறிவிட்டது. "சொன்னார்", "கேட்டார்", இந்த இரண்டு வினைச்சொல் எனக்குப் போதும். மழுப்பினார், அடம்பிடித்தார், வாதாடினார், ஒப்புக்கொண்டார் எல்லாம் தீர்ப்புகள். மலாயில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். "மெங்காக்கு" என்ற சொல்லைச் சர்வசாதாரணமாகப் போட்டுவிடுகிறோம். தவறை ஒப்புக்கொள்வதற்கும் அதே சொல், தன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிக்கொள்வதற்கும் அதே சொல். படிப்பவர் தனக்கு வேண்டிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். குற்றச்சாட்டைத் தொடும் கேள்விக்கு வந்த பதிலை, அவர் பேசிய மொழியிலேயே மேற்கோளில் எழுதிவிட்டு, பக்கத்தில் மொழிபெயர்ப்பைப் போடுவதுதான் சரி. திட்டினார் என்ற வழக்கென்றால் இது இன்னும் முக்கியம். "கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். எழுதக் கூசினாலும் அந்த வார்த்தையையே எழுத வேண்டும்.

நடத்தையையும் அப்படித்தான். "கோபப்பட்டார்" என்பது என் எண்ணம். நான் கண்டது இவ்வளவுதான்: எழுந்து நின்றார், வலது கையால் மேசையை இரண்டு முறை தட்டினார், பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இதை எழுதினால் போதும், குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது படிப்பவருக்கே தெரியும். "பதில் சொல்லத் தடுமாறினார்" என்பதற்குப் பதில், "கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது. ஏறக்குறைய அரை நிமிடம் பேசவில்லை. பிறகு 'ஞாபகம் இல்லை' என்றார்." அந்த அரை நிமிடம் பயமா, பொய்யா, கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததால் புரியாததா, எனக்குத் தெரியாது.

நம் தலையாட்டல் தனிக் கதை. பக்கவாட்டில் லேசாக ஆட்டுகிறோமே, அது ஆமாமா, இல்லையா, 'கேட்டுக்கொண்டேன்' என்பதா? நமக்கே சில நேரம் குழப்பம், மலாய்க்காரத் தலைவருக்கு எப்படிப் புரியும்? இப்போதெல்லாம் யாராவது தலையாட்டினால் நான் பேனாவை நிறுத்திவிட்டு, "சார், வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள், பதிய வேண்டும்" என்று தலைவரிடம் கேட்பேன். வேகமாகப் பேசினாலும் நிறுத்தச் சொல்வேன். முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

ஒரு மேலாளர் என்னிடம் சொன்னார்: "இப்படி எழுதினால் அவன் பொய் சொன்னது தெரியாதேம்மா." பொய்யா என்று முடிவு செய்வது பேனலின் வேலை. யாரை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று அவர்கள் தனித்தாளில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தக் காரணத்தை நான் குறிப்புக்குள் ஒளித்து வைத்தால், அவர்கள் யோசிப்பதற்கு முன்பே நான் யோசித்து முடித்துவிட்டேன் என்றாகிறது.

வார்த்தையை மட்டும் சரிபார்த்தாலும் போதாது. நிர்வாகச் சாட்சிக்கு 3 பக்கம், தொழிலாளிக்கு அரைப் பக்கம் என்று ஒரு குறிப்பு இருந்தால், அதில் ஒரு அபிப்பிராயச் சொல்கூட இல்லாவிட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும். எதை விடுவது என்பதும் ஒரு கருத்துதான். தேநீர் இடைவேளை, நாற்காலி மாற்றியது இதையெல்லாம் நேரத்தோடு ஒரு வரியில் முடிக்கலாம். குற்றச்சாட்டைப் பற்றிய கேள்வியும் பதிலும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி, எண் போட்டு, முழுசாக இருக்க வேண்டும்.

கடைசியில் வாசித்துக் காட்டுங்கள், தம்பிக்குப் புரிகிற மொழியில். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். "நான் அப்படிச் சொல்லலை" என்றால் பழையதை அழிக்கவும் கூடாது, அவர் சொல்வதைத் தள்ளவும் கூடாது. "14ஆம் பதிலைப் பற்றி இப்படிச் சொன்னார்" என்று கீழே சேர்த்து எழுதி நேரம் போடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். அன்று என் தாளை யாரும் அந்தத் தம்பிக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் முதல் வரியிலேயே கை உயர்த்தியிருப்பார்.

வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது, நஷ்டஈடு கொடுத்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கைநோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "போனேன் சார். லீடர் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்." நீல மையில், என் கையெழுத்தில்.